கடலிலிருந்து வந்த பதினாறு பக்கங்கள்

வாசகர் கடிதம்

ஐயா, குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சரக்குக் கப்பலில் ஓ.எஸ். என்கிற கடைநிலை மாலுமி வேலை பார்க்கிறார். போன வருஷம் ஜூன் 10 அன்று கப்பல் ஏறினார். ஒப்பந்தம் ஒன்பது மாதம், சம்பளம் மாதம் 700 டாலர். காட்பாடியில் ஒருவர் மூலமாகச் சென்னை ஏஜென்டுக்கு நாலு லட்சம் கொடுத்துத்தான் இந்த வேலை கிடைத்தது. என் நகையும் அதில் போய்விட்டது. பிப்ரவரி மாதச் சம்பளம் வரைக்கும் பேங்கில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மூன்று மாதமாக போனும் இல்லை.

போன வாரம் தபாலில் அவர் எழுதிய பதினாறு பக்கக் கடிதம் வந்தது. வயிற்று வலி என்று கப்பலிலிருந்து இறக்கிவிட்ட ஒரு தூத்துக்குடிக்காரர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். உறையில் அந்தத் தூத்துக்குடிக்காரரின் விலாசம் இருக்கிறது. ஜூலை 6 என்று தேதி போட்டிருக்கிறது. கடிதம் பூராவும் சின்னச் சின்ன விஷயம். எத்தனை வாளித் தண்ணீர், என்ன சாப்பாடு, எத்தனை மீன் பிடித்தார்கள், யார் முடி வெட்டினார்கள் என்று. கடைசியில் "நான் நல்லாத்தான் கீறேன், நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே" என்று முடித்திருக்கிறார். படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைகிறது.

ஏஜென்ட், ஒன்றரை லட்சம் கட்டினால் டிக்கெட் போட்டு இறக்கிவிடுகிறேன் என்கிறார். மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். புகார் கொடுத்தால் அவன் சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகத்தை ரத்து பண்ணிவிடுவார்கள், அப்புறம் எந்தக் கப்பலும் ஏற முடியாது, ஆள் மாற்றி விடுகிற வரைக்கும் பொறுத்திருப்பதுதான் முறை என்கிறார். நான் பணத்தைக் கட்டட்டுமா? இந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டலாமா? காட்டினால் அவருக்கு ஏதாவது ஆகுமா? கடிதத்தின் ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன்.

வழக்கறிஞர் பதில்

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கட்டாதீர்கள். கடிதத்தைக் காட்டுங்கள், இந்த வாரமே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது ஆற்காடு. பாலாற்று மணலில் விளையாடி வளர்ந்தவன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் கடலை முதன்முதலில் பார்த்தேன். கப்பல்காரர்களின் வழக்குகளை எடுக்க ஆரம்பித்த பிறகு ஒன்று புரிந்தது. தூத்துக்குடியில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், பக்கத்துத் தெருவில் யாராவது ஒரு பழைய போசன், அதாவது கப்பலில் டெக் மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர், அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது சரியில்லையேம்மா" என்று சொல்லிவிடுவார். நம் ஊரில் கப்பல் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் அந்தப் பழைய போசன் படிப்பது போல இதைப் படித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

சின்ன விஷயங்கள் சொல்வது என்ன

உங்கள் கணவர் எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறார். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா ஆங்கரேஜில் நங்கூரம் போட்டு எழுபத்தைந்து நாள். கோழி தீர்ந்து நாற்பது நாள். சமையல்காரர் புளி இல்லாமல் வைத்த சாம்பார் எத்தனை தடவை என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். வாய் திறந்து புலம்ப மனமில்லாத மனிதர், கணக்கை மட்டும் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கணக்குதான் நமக்கு வேண்டியது.

முதலில் தண்ணீர். "ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி, குளிக்கத் துவைக்க அதுலதான்" என்கிறார். இதைப் படித்துத்தான் நீங்கள் அதிகம் கலங்கியிருப்பீர்கள். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். பெரும்பாலான கப்பல்களில் கடல் நீரை நல்ல நீராக்கும் கருவி, முக்கிய எஞ்சினின் சூட்டில்தான் ஓடும். நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டால் தண்ணீர் உற்பத்தியும் நின்றுவிடும். பிறகு கரையிலிருந்து படகில் வாங்க வேண்டும். அதனால் ஒழுங்காக நடக்கும் கப்பலிலும் நங்கூரத்தில் குளிக்கும் தண்ணீரைச் சிக்கனம் பண்ணச் சொல்வது உண்டு.

ஆனால் ஏழாம் பக்கத்தில், குடிக்கிற தண்ணீரே துருப்பிடித்த நிறத்தில் வருகிறது, துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். அது வேறு விஷயம். குடிநீரையும் சாப்பாட்டையும் கப்பல் முதலாளி இலவசமாக, நல்ல தரத்தில், போதுமான அளவில் கொடுத்தே ஆக வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்று ஒன்று இருக்கிறது. கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு உலகம் முழுவதற்குமான அடிப்படைச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா 2015-ல் அதை ஏற்றது. உங்கள் கணவரின் கப்பல் பறக்கவிடும் கொடியின் நாடான பனாமா அதற்கு முன்பே ஏற்றுவிட்டது. அதனால் அந்தக் கப்பலில் இந்த விதிகள் செல்லும்.

அடுத்தது ஜெனரேட்டர். நீங்கள் அடிக்கோடு போடாத வரி இது. "ஜெனரேட்டர் சாயங்காலம் ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும்தான். அதுக்கப்புறம் பாயை எடுத்துக்கிட்டு டெக்குல படுத்துக்கறோம், நட்சத்திரம் நல்லா தெரியுது, பாப்பா இருந்தா எண்ணிக்கிட்டே இருப்பா." படிக்க அழகான வரிதான். ஆனால் பதினாறு பக்கத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான். ஜெனரேட்டரை நிறுத்துகிறார்கள் என்றால் டீசல் தீர்ந்துகொண்டிருக்கிறது, முதலாளி அனுப்பவில்லை என்று அர்த்தம். ஜூலை வெயிலில் அந்த இரும்பு அறைக்குள் மனிதன் தூங்க முடியாது. ஃப்ரிட்ஜ் ரூம் ஓடாது, இறைச்சி நிற்காது. கோழி நாற்பது நாளாக இல்லாததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம். இரவில் பேட்டரி விளக்கு மட்டும் எரியும் கப்பலை மற்ற கப்பல்கள் சரியாகப் பார்க்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. காற்று பலமாக அடித்து நங்கூரம் இழுத்துக்கொண்டு போனால் எஞ்சினைக் கிளப்ப எண்ணெய் வேண்டும். உயிர் பிழைக்கத் தேவையான எரிபொருள் கொடுப்பதையும் உடன்படிக்கை சாப்பாட்டோடும் தண்ணீரோடும் சேர்த்தே சொல்கிறது.

மூன்றாவது, சம்பளத் தாள். ஜூன் 30 அன்று கேப்டன் மார்ச்சிலிருந்து நாலு மாதத் தாளில் கையெழுத்து வாங்கினார் என்றும், அதில் "பேலன்ஸ்" என்று போட்டிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். பேலன்ஸ் என்று இருந்தால் நல்லதுதான். இவ்வளவு பாக்கி என்று கப்பலே ஒப்புக்கொண்ட சீட்டு அது. "பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்து வாங்கியிருந்தால்தான் கவலை. மாதா மாதம் கணக்குச் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதன் நகலையோ போட்டோவையோ அவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்டையும் சி.டி.சி.யையும் கேப்டன் வாங்கி வைத்துக்கொண்டார் என்ற வரிக்கு நீங்கள் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். அதில் இப்போதைக்குக் கவலை வேண்டாம். துறைமுக அதிகாரிகளிடம் காட்டுவதற்காக எல்லாக் கப்பலிலும் கேப்டன் அறையில்தான் அவை இருக்கும். கேட்டும் கொடுக்க மறுத்தால்தான் குற்றம்.

இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது

உங்கள் கணவர் இருக்கும் நிலைக்குப் பெயர் கைவிடப்படுதல். மூன்று விதத்தில் அது நடக்கும். ஊர் திரும்பும் செலவை முதலாளி ஏற்காமல் போவது ஒன்று. சாப்பாடு, குடிநீர், எரிபொருள், மருத்துவம் கொடுக்காமல் விட்டுவிடுவது இன்னொன்று. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காதது உட்பட, எந்த விதத்திலாவது ஒருதலையாகத் தொடர்பை அறுத்துக்கொள்வது மூன்றாவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். உங்கள் கையில் இருக்கும் பேங்க் பாஸ்புக்கும் இந்தக் கடிதமும் சேர்ந்தால் மூன்றுக்குமே ஆதாரம் தெரிகிறது.

இப்படிப்பட்ட நேரத்துக்காகவே, 2017 ஜனவரி 18 முதல், ஒவ்வொரு கப்பலும் ஒரு காப்பீடு வைத்திருக்க வேண்டும். முதலாளி ஓடிப்போனாலும் அந்தக் காப்பீட்டு நிறுவனம் ஆளை ஊருக்கு அனுப்பும், அதுவரை சாப்பாடும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும், சம்பள பாக்கியில் நான்கு மாதம் வரைக்கும் கொடுக்கும். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள், பெரும்பாலும் மெஸ் ரூம் சுவரில். யாரைத் தொடர்பு கொள்ள வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். தினமும் மூன்று வேளை அதன் எதிரில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுகிறார். பலருக்கு அது என்ன காகிதம் என்றே தெரிவதில்லை.

"நான்கு மாதம் வரைக்கும்" என்பதைக் கவனியுங்கள். மாமனார் சொல்கிறபடி பொறுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவர் சம்பளம் மாதம் 700 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என நான்கு மாத பாக்கி 2,800 டாலர். காப்பீட்டின் வரம்பு அதோடு நிறைந்துவிட்டது. ஜூலையும் சேர்ந்தால் பாக்கி 3,500 ஆகும், காப்பீட்டில் கிடைப்பது அதே 2,800 தான். இனி அவர் அங்கே உழைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போகிறது. முதலாளி பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் காப்பீட்டு நிறுவனம் கொடி நாட்டுக்கு முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகவும் முடியும்.

அந்த மீதிப் பணம் போயே போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். மாலுமியின் சம்பள பாக்கி கப்பலின் மேலேயே ஏறிய கடன். கப்பலை வேறொருவருக்கு விற்றாலும் கடன் கப்பலோடு கூடவே போகும். கோர்ட் ஏலத்தில் விற்றால் ஏலப் பணத்தில் பங்கு கேட்கலாம். நம் நாட்டில் 2017-ல் வந்த அட்மிரால்டி சட்டப்படி சம்பள பாக்கிக்குத்தான் முதல் இடம். அதற்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது. அந்தக் கப்பல் நம் கடல் எல்லைக்குள் வந்தால் இங்கேயே உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பிடித்து நிறுத்தலாம். ஆனால் அது நீண்ட வழி. முதலில் ஆள் இறங்கட்டும்.

ஒன்றரை லட்சத்தைப் பற்றி

ஒப்பந்தம் முடிந்த மாலுமியை வீட்டுக்கு அனுப்பும் செலவு முழுவதும் முதலாளியுடையது. விமான டிக்கெட், அதுவரை தங்க இடம், சாப்பாடு எல்லாமே அதில் அடங்கும். எந்த மாலுமியையும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி. உங்கள் கணவர் மார்ச் 10 அன்றே இறங்கியிருக்க வேண்டியவர். ஜூன் 10 அன்று பன்னிரண்டு மாதமும் தாண்டிவிட்டது. இதற்கு மேலும் உங்களிடம் டிக்கெட் பணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

டிக்கெட் மட்டும் இருந்தால் அவர் இறங்கிவிடவும் முடியாது. கேப்டன் சைன் ஆஃப் போட வேண்டும், அதாவது வேலையிலிருந்து விடுவித்ததாகப் பதிவு செய்ய வேண்டும். கப்பலிலிருந்து கரைக்கு வர லாஞ்ச் படகு வேண்டும், அதற்கு உள்ளூர் ஏஜென்ட் வேண்டும். குடியேற்ற அதிகாரிகள் அனுமதிக்க வேண்டும். இவை எதுவும் உங்கள் சென்னை ஏஜென்ட் கையில் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு "துறைமுகத்தில் விடவில்லை" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்னொரு பொறியும் இதில் இருக்கிறது. இப்படி இறக்குகிறவர்கள் "சொந்த வேண்டுகோளின் பேரில் இறங்குகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்பது வழக்கம். அதில் கையெழுத்துப் போட்டால், முதலாளி செய்த தவறு மாறி, இவராக விட்டுவிட்டுப் போனது போல ஆகிவிடும். டிக்கெட் செலவும் இவர் தலையில் ஏறும், பாக்கிச் சம்பளத்துக்கும் சண்டை வரும். "கணக்கு முழுதும் தீர்ந்தது" என்று எழுதிய தாளிலும், ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளிலும் பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடவே கூடாது.

நாலு லட்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலுமிக்கு வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்ட் பணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. பாஸ்போர்ட், சி.டி.சி., மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டும்தான் மாலுமியுடையது. இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு அனுப்ப ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வேண்டும். ஒப்பந்தத் தாளில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அது சரிதானா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்கலாம். உரிமம் உள்ளவர் என்றால் இயக்குநரகம் அவரையே கூப்பிட்டு வைத்துக் கேட்கும், உரிமம் போய்விடும் என்ற பயத்திலேயே வேலை நடக்கும். உரிமம் இல்லாதவர் என்றால், வேலூர் எஸ்.பி. அலுவலகத்தில் மோசடிப் புகார் கொடுக்க வேண்டியதுதான். ரசீது இல்லையே என்று தயங்காதீர்கள். நகை அடகு வைத்த சீட்டின் தேதி, பேங்கில் எடுத்த பணம், காட்பாடிக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாமே ஆதாரம். ஆனால் அந்தப் புகாரை இரண்டாவதாக வையுங்கள். ஏஜென்ட் போலி என்றாலும் கப்பலின் மேல் உங்கள் கணவருக்குள்ள உரிமை குறையாது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது

உங்கள் மாமனார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது பட்டாளத்து நியாயம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது. மாற்று ஆள் வரும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே உயிரை விடப் பெரிய விஷயம். அவரிடம் மரியாதையாகவே ஒன்றைக் கேளுங்கள். "மாமா, பட்டாளத்துல ரேஷன் நாற்பது நாள் வரலைன்னா மேல எழுத மாட்டாங்களா?" எழுதுவார்கள். புகார் என்று அவர் நினைத்துப் பயப்படுவது அந்த எழுத்தைத்தான்.

சி.டி.சி. நம் அரசு கொடுக்கும் ஆவணம். சம்பளம் வரவில்லை, சாப்பாடு இல்லை என்று சொன்னதற்காக அதை ரத்து செய்ய முடியாது. புகார் கொடுத்த மாலுமியைப் பழிவாங்கக் கூடாது என்று உடன்படிக்கையிலேயே தனியாக எழுதியிருக்கிறது. துறைமுக அதிகாரியிடம் கொடுக்கும் புகாரில் பெயரை ரகசியமாக வைக்கவும் வழி உண்டு. அப்படியும் அந்த ஒரு கம்பெனிக்காரர்கள் மறுபடி இவரைக் கூப்பிட மாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். டீசல் அனுப்பாத கம்பெனி கூப்பிடாமல் இருப்பதே நல்லது.

ஆனால் மாமா பயப்படுவது போலவே ஆகக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில், மீன்பிடிப் படகுக்காரர்கள் பழக்கமாகிவிட்டார்கள், ஒரு நாள் அதில் ஏறிக் கரைக்குப் போய் போன் பேசலாமா என்று போசனோடு பேசிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். அது மட்டும் கூடவே கூடாது. சைன் ஆஃப் இல்லாமல் இறங்கினால் கப்பலை விட்டு ஓடியவர் என்று பதிவு செய்துவிடுவார்கள். அந்த நாட்டின் குடியேற்றச் சட்டத்திலும் மாட்டுவார், சம்பள பாக்கி கேட்கும் வலுவும் போய்விடும். சி.டி.சி.க்கு உண்மையாகவே ஆபத்து வருவது அப்போதுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மூலக் கடிதத்தையும் உறையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அடிக்கோடு எதுவும் இனி போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸில் மூன்றாம் பக்கத்தில், எழுத்துக்குப் பின்னால் அச்சு எழுத்து நிழலாகத் தெரிகிறது. அவர் கப்பலின் பழைய செக்லிஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். தாள்களைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் தாள்களின் தலைப்பில் கப்பலின் பெயரும் ஐ.எம்.ஓ. எண் என்ற ஏழு இலக்க எண்ணும் இருக்க வாய்ப்பு அதிகம். கப்பலுக்குப் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். இந்த எண் மட்டும் கப்பல் உடைக்கப்படும் வரை மாறாது. எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் முதலில் கேட்பது இதைத்தான். தாளில் கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தில் பாருங்கள், அல்லது அவர் முன்பு அனுப்பிய போட்டோக்களில் பின்னால் கப்பல் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்.

அடுத்து அந்தத் தூத்துக்குடிக்காரர். ஜூலை 6 வரை அந்தக் கப்பலில் இருந்து, இப்போது இந்திய மண்ணில் இருக்கும் ஒரே சாட்சி அவராகத்தான் இருப்பார். உறையில் அனுப்புநர் விலாசம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு என்ன நோய், எப்போது இறக்கினார்கள், கப்பலில் எத்தனை பேர், டீசல் எவ்வளவு மிச்சம், மெஸ் ரூமில் ஒட்டிய சான்றிதழ் நினைவிருக்கிறதா, போனில் போட்டோ ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அவருக்கும் சம்பள பாக்கி இருக்கும், மறுக்க மாட்டார். மற்ற மாலுமிகளின் ஊரும் அவருக்குத் தெரியும். ஒரு மனைவி எழுதும் மனுவை விட எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மனுவுக்கு வேகம் அதிகம்.

பிறகு மனு. ஒரே பக்கம் போதும். கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண், கொடி, நிற்கும் இடம், கணவரின் பெயர், சி.டி.சி. எண், ஏறிய தேதி, ஒப்பந்தம் முடிந்த தேதி, கடைசியாகச் சம்பளம் வந்த மாதம். கீழே தண்ணீர், டீசல், சாப்பாடு பற்றிக் கடிதத்தில் உள்ள வரிகளை அவர் வார்த்தையிலேயே, பக்க எண்ணோடு எழுதுங்கள். "சித்திரவதை" போன்ற வார்த்தைகள் வேண்டாம். "கோழி தீர்ந்து நாற்பது நாள்" என்பதே போதுமானது.

இதை மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், சென்னையில் உள்ள ஷிப்பிங் மாஸ்டருக்கும் அனுப்புங்கள். சென்னைக்கு முடிந்தால் நேரிலேயே போய்க் கொடுத்து முத்திரை வாங்குங்கள். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியர்களுக்காக வெளியுறவுத் துறை வைத்திருக்கும் மதத் என்ற இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். ஃபுஜைரா துபாயில் உள்ள நம் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருவதால் அது அவர்களிடம் போகும். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐ.டி.எஃப்.-க்கும் அதே பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். முதலாளியையும் காப்பீட்டுக்காரரையும் எங்கே அழுத்தினால் அசைவார்கள் என்று தெரிந்தவர்கள் அவர்கள். சீஃபேரர் ஹெல்ப் என்று ஒரு இலவச உதவி மையம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. மாலுமிகளின் குடும்பத்தாரும் அதில் பேசலாம்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். நாளைக் குறித்துச் சொல்ல என்னால் முடியாது. தடை வரக்கூடிய இடத்தை மட்டும் சொல்கிறேன். நங்கூரத்தில் நிற்கும் கப்பலிலும் அதைப் பாதுகாக்கக் குறைந்தபட்ச ஆட்கள் இருந்தாக வேண்டும் என்று துறைமுகம் சொல்லும். அதனால் எல்லோரையும் ஒரே நாளில் இறக்க மாட்டார்கள். மாற்று ஆள் வர வர ஒருவர் இருவராக இறக்குவார்கள். யார் பெயர் முதலில் எழுத்தில் பதிவாகியிருக்கிறதோ, யாருக்கு ஒப்பந்தம் முடிந்து அதிக நாள் ஆகியிருக்கிறதோ, அவர்களுக்கு முதலில் கேட்கலாம். இந்த இரண்டிலும் உங்கள் கணவர் முன்னால் நிற்க வேண்டும். டீசலும் தண்ணீரும் சாப்பாடும் அதற்கு முன்பே வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். அதைத்தான் மனுவில் முதல் கோரிக்கையாக எழுத வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் எழுதியதை மீறுவது உங்களுக்குத் துரோகம் போல இருக்கிறது என்று புரிகிறது. உங்கள் நகையை அடகு வைத்துப் போன மனிதர், வெறுங்கையோடு திரும்புவதை ஊர் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார். ஊருக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். அலுவலகங்களுக்குச் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டது ஊரைப் பற்றித்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்குச் செய்தி போக ஏதாவது வழி கிடைத்தால், உதவி மையம் மூலமாகவோ துணைத் தூதரகம் மூலமாகவோ, சுருக்கமாக இதைச் சொல்லி அனுப்புங்கள்: "மெஸ் ரூம் சுவரில் உள்ள காப்பீட்டுச் சான்றிதழைப் போட்டோ எடு. சம்பளத் தாளின் நகலை வாங்கு. எதிலும் புதிதாகக் கையெழுத்துப் போடாதே. மீன் படகில் ஏறாதே. தண்ணீர், டீசல், சாப்பாட்டுக் கணக்கைத் தேதி போட்டுத் தினமும் எழுது, எனக்கு எழுதின மாதிரியே எழுது. பாப்பா நல்லா இருக்கிறாள்."